அஞ்சே அயிட்டம், 24% கமிஷன், ஆப் மட்டும்தான். கட்டுப்படி ஆகுமா?

புளிக்காய்ச்சல் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 11:40

கோயமுத்தூர் சரவணம்பட்டி. ஐடி கம்பெனிக்கு பின்னாடி சந்துல ஒரு சின்ன இடம் பாத்திருக்கேன், வாடகை 9,000. உக்காந்து சாப்பிட இடம் கிடையாது, போர்டும் கிடையாது, டெலிவரி ஆப்ல வர்ற ஆர்டர் மட்டும்தான். கலந்த சாதம் மட்டும் போடலாம்னு நினைப்பு: சாம்பார் சாதம், புளி சாதம், எலுமிச்சை, தக்காளி, தயிர் சாதம், தொட்டுக்க உருளை வறுவல். சமைக்க அம்மாவும் சித்தியும், கூட ஒரு ஹெல்பர். கமிஷன் 24%ன்னு பேசியிருக்காங்க. சாம்பார் சாதம் 120 வச்சா கையில 91 வரும், அதுல 30 சாப்பாட்டு செலவு போனா மிச்சம் லாபம்தானேன்னு கணக்கு போட்டு வச்சிருக்கேன். நடத்துறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

அடுப்படி | 4 ஆகஸ்ட் 2025, காலை 6:15

தம்பி, அந்த 91 வராது. சென்னை பெருங்குடியில நாலு வருஷமா இதே பொழப்பு, அதனால சொல்றேன். கமிஷன் 24ன்னா அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி போடுவான், அதுவே 28.3 ஆச்சு. பேமெண்ட் கேட்வேன்னு ஒரு 2%, அதுக்கும் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 24ன்னு சொன்னா மனசுல 31ன்னு எழுதிக்கணும். இது முத பாடம். டிஸ்கவுண்டு, விளம்பரம் எல்லாம் இதுக்கு அப்புறம்தான். அக்ரிமெண்ட்ட முழுசா படிச்சியா? கேட்வே யாரு தலையில, கமிஷன் எந்த தொகை மேல, பாக்கிங் சார்ஜுக்கும் கமிஷன் உண்டா, இந்த மூணையும் பாத்துட்டு வா, அப்புறம் பேசலாம்.

கணக்குப்பிள்ளை | 4 ஆகஸ்ட் 2025, காலை 9:02

பயப்படாதீங்க ப்ரோ. அந்த 18% ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்ல திரும்ப வந்துடும், நான் திருப்பூர்ல பனியன் ஜாப் ஒர்க் பண்றேன், எல்லாத்துக்கும் இன்புட் எடுக்கிறோம். ஆனா 5% சாப்பாட்டு ஜிஎஸ்டி நீங்க வசூல் பண்ணி கட்டணும், அத மறந்துடாதீங்க, லேட் ஆனா ஃபைன்.

அடுப்படி | 4 ஆகஸ்ட் 2025, மதியம் 3:48

பனியனுக்கு சரிங்க, சாப்பாட்டுக்கு ரெண்டுமே தப்பு. ஓட்டலுக்கு 5% வரி, அதுல இன்புட் எடுக்கவே முடியாது, அதனால கமிஷன் மேல கட்டுற 18% அப்படியே நம்ம செலவுதான். அந்த 5%ஐ நாம கட்ட வேணாம், 2022 ஜனவரி 1ல இருந்து ஆப்ல போற ஆர்டருக்கு ஆப் கம்பெனியே கஸ்டமர்ட்ட வாங்கி அவங்களே கட்டிடுறாங்க. நம்ம கணக்குல அந்த பணம் வந்து போறதே இல்ல. டிடிஎஸ் 0.1% புடிப்பாங்க, அது போன அக்டோபர்ல 1%ல இருந்து குறைஞ்சது, நூறு ரூபாய்க்கு பத்து பைசா, அத விடுங்க.

கணக்குப்பிள்ளை | 4 ஆகஸ்ட் 2025, மாலை 6:20

ஓஹோ. எங்க ஆடிட்டர கேட்டேன், அவரும் அதையேதான் சொல்றாரு. ஆனா ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு ஆன்லைன் விக்கிறவங்களுக்கு ரூல் இருக்கே?

அடுப்படி | 4 ஆகஸ்ட் 2025, இரவு 10:30

பொருள் விக்கிறவங்களுக்கு பெரும்பாலும் அப்படி. ஓட்டல் சாப்பாடு ஆப் வழியா போனா வருஷம் 20 லட்சம் தாண்டுற வரைக்கும் ரிஜிஸ்டர் பண்ணாம நடத்தலாம், ஆப்காரங்க ஒரு டிக்ளரேஷன் வாங்குவாங்க. ஃபுட் லைசென்ஸ் வேற கதை. வருஷ விற்பனை 12 லட்சம் வரைக்கும் நூறு ரூபா ரிஜிஸ்ட்ரேஷன் போதும், அதுக்கு மேல ஸ்டேட் லைசென்ஸ். நிறைய பேரு நூறு ரூபா பேப்பர வச்சுகிட்டே மூணு மடங்கு விக்கிறாங்க, ஆய்வுக்கு வந்தா மாட்டிக்குவாங்க. கேஸும் நீல சிலிண்டர், 19 கிலோ. வீட்டு சிலிண்டர தூக்கிட்டு வந்து வைக்காத.

பேக்கரி மாமா | 5 ஆகஸ்ட் 2025, மதியம் 12:11

என் பேக்கரிலயும் கலந்த சாதம் மதியம் போடுறேன், 50 ரூபா, டீக்கு வர்றவங்களே வாங்கிட்டு போயிடுறாங்க. நீங்களும் முன்னாடி ஒரு ஸ்டூல் போட்டு வையுங்க, இந்த கமிஷன் தொல்லையே வராது.

புளிக்காய்ச்சல் | 5 ஆகஸ்ட் 2025, மதியம் 1:30

மாமா, சந்துல பைக்கே ரிவர்ஸ்லதான் வரும், ஸ்டூல் எங்க போட. ஆப் மட்டும்தான்னு முதல் வரியிலயே எழுதியிருக்கேனே.

அக்கா, அக்ரிமெண்ட பாத்தேன். டிஸ்கவுண்டு போக வர்ற தொகையோட பாக்கிங்கையும் சேர்த்து அது மேல கமிஷன். கேட்வே என் தலையிலதான், கிட்டத்தட்ட 2%. ஆரம்பத்துல டிஸ்கவுண்டு இல்லாம ஆர்டரே வராது, 20% போடுங்கன்னு அக்கவுண்ட் மேனேஜர் சொல்றாரு. டிஸ்கவுண்டுல ஆப் பங்கு எவ்வளவுன்னு கேட்டேன், சிரிச்சாரு.

அடுப்படி | 6 ஆகஸ்ட் 2025, இரவு 11:05

சரி, ஒரே ஒரு ஆர்டர பிரிச்சு பாப்போம், உன் நம்பரையே வச்சு.

சாம்பார் சாதம் 120, வறுவல் 50, பாக்கிங் 10, ஆக 180. உன் 20% டிஸ்கவுண்டு சாப்பாட்டு மேல, 170க்கு 34 போச்சு. மிச்சம் 146. அதுல 31% கிட்ட கழிச்சா 45 ரூபா ஆப்புக்கு, உனக்கு வர்றது 101. இதுல சாதம் 30, வறுவல் 14, டப்பா கவர் ஸ்பூன் பில் ஸ்டிக்கர் எல்லாம் 15, கேஸ் 5. 37 நிக்குது. விளம்பரத்துக்கு ஒரு ஆர்டருக்கு 12 ரூபாயாவது இறங்கும், மிஞ்சி கொட்டுறது 4. கடைசில 21.

நாளைக்கு 40 ஆர்டர் வருதுன்னே வச்சுக்கோ, புது கடைக்கு அது லேசுல வராது. 21ஐ 40ஆல பெருக்கி முப்பது நாள், 25,200. வாடகை 9,000, ஹெல்பர் 12,000, கரண்டு 2,500. மிச்சம் 1,700. அம்மா, சித்தி சம்பளம்? உன் சம்பளம்? அதெல்லாம் அந்த 1,700லதான்.

இன்னொண்ணு. 146 வச்சு 40 ஆர்டர்னா வருஷத்துக்கு 21 லட்சம் விற்பனை. அதாவது 1,700 ரூபா லாபத்துக்கே ஸ்டேட் லைசென்சும் வேணும், ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷனும் வேணும்.

புளிக்காய்ச்சல் | 7 ஆகஸ்ட் 2025, காலை 7:50

ராத்திரி தூக்கம் போச்சு அக்கா.

நாளைக்கு சொல்றேன் | 7 ஆகஸ்ட் 2025, காலை 10:14

நாமக்கல்ல போன மாசம் ஓட்டல்காரங்க எல்லாம் சேந்து இந்த கமிஷன் தாங்கலன்னு ஆப் ஆர்டரே எடுக்க மாட்டோம்னு நிறுத்துனாங்களே, பேப்பர்ல வந்துச்சு. அந்த மாதிரி எல்லாரும் ஒண்ணா நின்னா ரேட்டு குறையும்ல?

புளிக்காய்ச்சல் | 7 ஆகஸ்ட் 2025, மாலை 5:33

அவங்களுக்கு முன்னாடி வாசல் இருக்கு, டேபிள் இருக்கு, ஆப்ப மூடுனாலும் அன்னைக்கு சாயங்காலம் ஆள் வரும். எனக்கு ஆப்ப மூடுனா கடையே மூடுன மாதிரி. பேரம் பேச கையில ஒண்ணுமே இல்லாதவன்தான் கிளவுட் கிச்சன்காரன்.

திரும்ப கணக்கு போட்டேன். 24ஐ 22 ஆக்கணும்னு மல்லு கட்டுறதுக்கு பதிலா டிஸ்கவுண்ட தூக்குனா என்ன ஆகுதுன்னு பாத்தேன். அதே 180க்கு டிஸ்கவுண்டே இல்லன்னா ஆப்புக்கு 55, எனக்கு 125, செலவு எல்லாம் போக 45. 21 எங்க, 45 எங்க. கமிஷன் 2% குறைஞ்சா 146 ரூபா பில்லுல மூணரை ரூபா கூட மிச்சமில்ல. நான் தப்பான ஆளோட சண்டை போட்டுகிட்டு இருந்திருக்கேன் போல.

வாட்ஸ்அப் மெஸ் | 8 ஆகஸ்ட் 2025, காலை 8:40

நான் மதுரை. ஆப்ல இருந்தேன், வெளிய வந்துட்டேன், இப்ப வாட்ஸ்அப்ல மாச சந்தா, 35 வீட்டுக்கு சாப்பாடு. ஒரு பையன் டிவிஎஸ்ல கொண்டு போறான். ஒரு டப்பாவுக்கு அவனுக்கு 15 ரூபா. ஆப்புக்கு குடுத்தத விட குறைவுதான், ஆனா அவன் லீவு போட்டா நான்தான் ஓட்டணும். பையில ஒரு சீட்டு போட்டு விட்டுப் பாருங்க, நம்பர் போட்டு.

அடுப்படி | 8 ஆகஸ்ட் 2025, மதியம் 4:10

சீட்டு போடுறது அக்ரிமெண்ட்ல இடிக்கும், படிச்சுட்டு போடு. உன் 45 கணக்கு சரிதான், ஆனா டிஸ்கவுண்டு இல்லாத கடைக்கு அந்த 40 ஆர்டர் வராது, 15 வரும். அதனால முழுசா எடுக்காத, எங்க வைக்கிறதுன்னு பாரு. 200க்கு மேல வாங்குனாதான் டிஸ்கவுண்டுன்னு வை, ஒத்த சாதம் வாங்குறவனுக்கு கிடையாது. ரெண்டு பேருக்கு ஒரு காம்போ போடு, சாம்பார் சாதம், தயிர் சாதம், வறுவல், 219. பாக்கிங் 15 சேத்து 234. ஆப்புக்கு 72 போக 162. சாப்பாடு 66, டப்பா 22, கேஸ் 6, விளம்பரம் 12, கொட்டுறது 5. 51 நிக்கும். அதுல 20 ரூபா டிஸ்கவுண்டு குடுத்தாலும் 37 கையில. ஒத்த சாதத்துல உனக்கு நின்னது 21. கமிஷன் சதவீதக் கணக்கு, பில்லோட சேந்து ஏறும். விளம்பரம், ஹெல்பர் சம்பளம், வாடகை எல்லாம் ஆர்டர் சின்னதோ பெருசோ ஒரே அளவு. பில்லு பெருசா இருந்தாதான் மூச்சு விட முடியும்.

புளிக்காய்ச்சல் | 24 ஆகஸ்ட் 2025, இரவு 12:20

ஆரம்பிச்சாச்சு. புது கடைன்னு ஆப்ல மேல காட்டுறானா, ஆர்டர் வருது. இப்ப பிரச்சனை காசு இல்ல, சாம்பார் சாதம். நாங்க வீட்டுல சாப்பிடுற பதத்துல டப்பால போட்டு அனுப்புனா, அங்க போய் சேர்றப்ப கேக் மாதிரி வெட்டி எடுக்கலாம்னு ஒருத்தர் ரிவ்யூ போட்டிருக்காரு, ஃபோட்டோவோட. ஸ்பூன் நட்டுக்கிட்டு நிக்குது.

அடுப்படி | 24 ஆகஸ்ட் 2025, காலை 5:50

அரிசியும் பருப்பும் இறக்குன பிறகும் தண்ணி இழுத்துகிட்டே இருக்கும், அரை மணில இறுகிடும். டப்பால ஊத்துறப்ப ரசமா இல்ல சாதமான்னு சந்தேகம் வர்ற பதத்துல இருக்கணும், அதான் போய் சேர்றப்ப சரியா இருக்கும். ஒரு கிலோ அரிசிக்கு 400 கிராம் துவரம் பருப்பு நீ போடுறன்னா தண்ணி இன்னும் ரெண்டு லிட்டர் தனியா கொதிக்க வச்சு பக்கத்துல வை, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கரண்டி விட்டு இளக்கி ஊத்து. ஒரு டப்பாவ மூடி நாற்பது நிமிஷம் வச்சுட்டு நீயே தின்னு பாரு, அடுப்புல இருந்து எடுத்து ருசி பாக்குறது நமக்கு உதவாது. தயிர் சாதத்த சூடான டப்பா கூட ஒரே பையில வைக்காத, போறதுக்குள்ள புளிச்சிடும். பால் நிறைய, தயிர் கொஞ்சமா போட்டு பிசை. நெய் கடைசில மேல ஊத்து, மூடிய தொறந்த உடனே வாசம் வரணும்.

புளிக்காய்ச்சல் | 26 ஆகஸ்ட் 2025, இரவு 11:15

வேலை செஞ்சுது. அம்மாவுக்குதான் மனசு ஒப்பல, "தண்ணியா குடுத்து பேர கெடுக்கிறியே"ன்னாங்க. நாற்பது நிமிஷ டப்பாவ அவங்க கையிலயே குடுத்தேன், சாப்பிட்டுட்டு ஒண்ணும் பேசல, மறுநாள் அவங்களே சித்திகிட்ட இன்னும் கொஞ்சம் விடுடின்னாங்க.

நாளைக்கு சொல்றேன் | 27 ஆகஸ்ட் 2025, காலை 9:30

அண்ணா அஞ்சு சாதம் மட்டும்தானா? என் ஃப்ரெண்டு கடைல 140 அயிட்டம், நூடுல்ஸ்ல இருந்து நெய் ரோஸ்ட் வரைக்கும். எது தேடுனாலும் அவன் கடை வருதாம். நீங்களும் ஃப்ரைட் ரைஸ் சேத்தா என்ன, அரிசிதானே.

புளிக்காய்ச்சல் | 27 ஆகஸ்ட் 2025, மாலை 4:05

தம்பி, அரிசி ஒண்ணுதான், ஆனா ஃப்ரைட் ரைசுக்கு ஹை ஃப்ளேம் அடுப்பு வேணும், கோஸ், கேரட், குடமிளகா தினமும் வெட்டணும், முட்டை சேந்தா சைவம் மட்டும்னு தேடுறவன் போயிடுவான். எங்களுக்கு இப்ப ஒரே சாதம் வடிச்சு அதுல மூணு அயிட்டம் பிரியுது. புளிக்காய்ச்சல் வாரத்துக்கு ஒரு தடவ காய்ச்சி வைக்கிறோம், ஆர்டர் வந்தா கிளறுனா போதும். எலுமிச்சைக்கு தாளிப்பு மட்டும். ஆர்டர் வந்து ஆறு நிமிஷத்துல பை ரெடி, டெலிவரி பையன் நிக்கிறதே இல்ல. மூணு பேருக்கு 140 அயிட்டம்னா எதையாவது ஃப்ரீசர்ல வச்சுதான் எடுக்கணும்.

தக்காளி சாதத்த தூக்கலாமான்னு யோசனை. தக்காளி விலை ஏறி இறங்குது, தனி சட்டி, தனி கிளறல், நாளைக்கு நாலு கூட போகல.

அடுப்படி | 27 ஆகஸ்ட் 2025, இரவு 10:50

தூக்கு. ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கோ, மதியம் வடிச்ச சாதத்த ராத்திரிக்கு ஓட்டாத. வெளிய ஆறி கிடக்கிற சாதத்துல வர்ற கிருமி திரும்ப சூடு பண்ணாலும் அது விட்ட நஞ்சு போகாது, வாந்தி எடுக்க வைக்கும். சின்ன சின்னதா வடி, சூடா வைக்கிறதா இருந்தா 60 டிகிரிக்கு மேலயே வை. புளி சாதம் கொஞ்சம் தாங்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் அத நம்பி ஆர்டர் எடுக்க மாட்டேன்.

புளிக்காய்ச்சல் | 19 செப்டம்பர் 2025, இரவு 11:58

புது கடை மவுசு முடிஞ்சுது. திடீர்னு ஆர்டர் பாதியாச்சு, சாப்பாடு அதேதான், ரேட்டிங்கும் 4.3 இருக்கு. மேனேஜர் விளம்பரத்த ஏத்துங்கறாரு. ஒரு வாரம் ஏத்துனேன். ஆர்டர் கூடுச்சு, ஆனா ஒரு ஆர்டருக்கு விளம்பரம் 12ல இருந்து 23 ஆயிடுச்சு. கூடுன ஆர்டர்ல பாதி பேரு ஏற்கனவே வாங்குனவங்க, அவங்க பேர் எனக்கு பில்லுல பழக்கம். நம்மள பேர் போட்டு தேடி வர்றவனுக்கும் விளம்பரத்துல கிளிக் பண்ணா காசு போகுதே, இது நியாயமா?

அதோட வாரப் பணம் வந்த ஷீட்டுல "ரீஃபண்டு"ன்னு 380 கழிச்சிருக்கான். வறுவல் காணோம்னு ரெண்டு பேரு, ஒழுகுச்சுன்னு ஒருத்தரு. வறுவல் நான்தான் வச்சேன், என் கையால.

அடுப்படி | 20 செப்டம்பர் 2025, காலை 6:20

பைய ஸ்டேபிள் அடிக்கறதுக்கு முன்னாடி டப்பா எல்லாம் வரிசையா வச்சு பில்லோட ஒரு ஃபோட்டோ. பை மேல மார்க்கர்ல "3 டப்பா"ன்னு எழுது, பையன் எடுக்கிறப்ப அவன்ட்டயும் எண்ணி காட்டு. எனக்கு இதுல முக்காவாசி கம்ப்ளெயிண்ட் நின்னுச்சு, மீதிக்கு ஃபோட்டோ போட்டு சண்டை போடுவேன், சிலது திரும்ப வரும், சிலது வராது.

விளம்பரத்த பத்தி எனக்கு ஒரே கருத்து கிடையாது. மதியம் 12ல இருந்து 2 வரைக்கும் மட்டும் போட்டு, புது கஸ்டமர் மட்டும்னு ஆப்ஷன் இருந்தா அத வச்சு பாரு.

வாட்ஸ்அப் மெஸ் | 20 செப்டம்பர் 2025, மதியம் 2:45

நான் ஆப்ல இருந்தப்ப விளம்பரத்த முழுசா நிறுத்தி பாத்தேன், மூணாவது வாரம் ஆள் வரல. அக்கா சொல்றது சென்னைக்கு சரியா இருக்கலாம், அங்க நடந்து போற தூரத்துல ஆயிரம் ஆபீசு. மதுரைல அப்படி இல்ல.

கணக்குப்பிள்ளை | 20 செப்டம்பர் 2025, மாலை 7:00

அதே கிச்சன்ல வேற பேர்ல இன்னொரு கடை ஆப்ல போட்டா திரும்ப புது கடை மவுசு வருமே? ஒரே சாதம், வேற பேரு.

அடுப்படி | 20 செப்டம்பர் 2025, இரவு 9:15

வரும். நான் பண்ணியிருக்கேன். ஆனா மெனு நிஜமாவே வேறயா இருக்கணும். அதே சாம்பார் சாதத்த ரெண்டு பேர்ல வித்தா கஸ்டமர் ஒரே டப்பாவ பாத்து கண்டுபுடிச்சு திட்டுவான், ஆப்பும் ஒண்ண தூக்கிடும். நான் சாயங்காலத்துக்கு மட்டும் பணியாரம்னு தனி பேரு வச்சேன், அது ஓடுச்சு. ரெண்டாவது பேருக்கு லைசென்ஸ் அதேதானா தனியான்னு உங்க ஊரு ஃபுட் சேஃப்டி ஆபீஸ்ல கேட்டுட்டு பண்ணுங்க.

பேக்கரி மாமா | 21 செப்டம்பர் 2025, காலை 11:20

பணியாரம் ரேட்டு என்ன வச்சீங்கம்மா? என் கடைல போடலாம்னு ஒரு யோசனை.

புளிக்காய்ச்சல் | 11 அக்டோபர் 2025, இரவு 11:30

தக்காளி சாதம் இல்ல, 200க்கு கீழ டிஸ்கவுண்டு இல்ல, விளம்பரம் மதியம் மட்டும். ஆர்டர் நாளைக்கு 26 கிட்ட நிக்குது, ஆரம்பத்துல வந்தத விட குறைவு. ஆனா காம்போ பாதிக்கு மேல போகுது, சராசரி பில்லு 205 ஆயிடுச்சு. வாடகை, ஹெல்பர், கரண்டு போக போன மாசம் நின்னது 8,000 சொச்சம். அம்மாவும் சித்தியும் ஆளுக்கு பாதி எடுத்துகிட்டாங்க, எனக்கு ஒண்ணும் இல்ல, நான் வேலைய விடல. இது நல்லா ஓடுதா இல்லையான்னு எனக்கே தெரியல. சித்தி மட்டும் "வீட்டுல சும்மா இருந்தா இதுவும் வராது"ங்கறாங்க, அவங்க கணக்கு வேற.

இப்ப ஒரு சின்ன உதவி. பிளாஸ்டிக் டப்பாவுக்கு பதிலா பேப்பர் டப்பாவுக்கு மாறலாம்னு பாக்குறேன், 500 மில்லி. ஒண்ணு ரெண்டு ரூபா கூட ஆகுது. சாம்பார் சாதம் தாங்குமா?

அடுப்படி | 12 அக்டோபர் 2025, காலை 6:05

சில கம்பெனி டப்பா தாங்கும், சிலது இருபது நிமிஷத்துல அடி ஊறிடும். சாம்பிள் பத்து வாங்கி கொதிக்கிற சாம்பார ஊத்தி மூடி, கவுத்து, ஒரு மணி நேரம் நியூஸ்பேப்பர் மேல வை. கறை இருந்தா வேணாம். மொத்தமா எடுக்கிறதுக்கு முன்னாடி மூடியும் டப்பாவும் ஒரே சப்ளையர்ட்டயே வாங்கு, வேற வேற எடத்துல வாங்குனா மூடி உக்காராது.